பிரெஞ்சு தயிர் கேக் குறிப்பைத் தமிழில் எழுதுவது எப்படி?

"பிரான்சில் வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கையால் எழுதிக்கொடுத்த எலுமிச்சை தயிர் கேக் குறிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அக்கா செய்து பார்க்கத் தமிழில் எழுதித் தரவேண்டும். அகராதி வைத்துச் சொற்களைப் பிடித்துவிட்டேன். ஆனால் 'மூன்று டப்பா மாவு', 'ஒரு பொட்டலம் லெவ்யூர்', 'தெர்மோஸ்டாட் 6', 'ஒரு அக்ரூட் வெண்ணெய்' இதையெல்லாம் எப்படி எழுதுவது? கிரேம் ஃப்ரேஷும் வெனில்லா சர்க்கரையும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?"

பாட்டி தந்தது கத்தோ ஓ யாவூர்த். பிரான்சில் குழந்தைகள் முதன்முதலில் செய்யக் கற்றுக்கொள்ளும் கேக் பெரும்பாலும் இதுதான். தராசு தேவையில்லை, தயிர் வந்த டப்பாவே அளவுப் பாத்திரம். ஒரு டப்பா தயிர், இரண்டு டப்பா சர்க்கரை, மூன்று டப்பா மாவு, அரை டப்பா எண்ணெய், மூன்று முட்டை. அங்கே இதைவிட எளிய குறிப்பு கிடையாது. அந்த டப்பா கையில் இல்லாதவருக்கு எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பிரான்சில் கடையில் கிடைக்கும் சாதாரணத் தயிர் டப்பா 125 கிராம் பிடிக்கும். கொள்ளளவாகப் பார்த்தால் ஏறத்தாழ 125 மி.லி. இதைப் பார்த்ததும் "எல்லாமே விகிதம்தானே, எந்தக் கப்பை எடுத்தால் என்ன?" என்று தோன்றும். தயிர், சர்க்கரை, மாவு, எண்ணெய் நான்குக்கும் அது சரி. முட்டை மட்டும் டப்பாக் கணக்கில் இல்லை, அது எண்ணிக்கை. அக்கா 200 மி.லி. டம்ளரை எடுத்தால் மற்றதெல்லாம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும், முட்டை மூன்றாகவே நிற்கும். கேக் கனத்து, ஓரம் வறண்டு, நடுவில் பிசுபிசுவென்று வரும். கை சரியில்லை என்று அவர் நினைப்பார், தப்பு கப்பில் இருக்கும். அதனால் தமிழ்க் குறிப்பில் 'டப்பா' என்ற சொல்லே வேண்டாம், கிராமில் எழுதிவிடுங்கள்.

சர்க்கரையைப் பெயர்ப்பது எளிது. 125 மி.லி. சர்க்கரை சுமார் 105 கிராம், இரண்டு டப்பாவுக்கு 210. எண்ணெய் அரை டப்பா, 60 மி.லி. என்று எழுதினால் போதும். மாவு அப்படி இல்லை. கரண்டியால் அள்ளித் தளர்வாகப் போட்டு மேலே வழித்தால் 125 மி.லி. மைதா 70, 75 கிராம்தான் வரும். டப்பாவையே மாவுக்குள் அமுக்கி எடுத்தால் 90 கிராம் வரை போகும். மூன்று டப்பாவுக்குக் கணக்குப் போட்டால் 210-இலிருந்து 270 வரை, அறுபது கிராம் வித்தியாசம். பாட்டி எப்படி அள்ளினார் என்று குறிப்பில் இருக்காது, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் 220 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன். தளர்வாக அள்ளியதற்குப் பக்கமான எண் அது. மாவு கொஞ்சம் குறைந்தால் கேக் ஈரமாக இருக்கும், கூடினால் தொண்டையை அடைக்கும். இரண்டில் முதலாவது பரவாயில்லை.

முட்டையை ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஐரோப்பாவில் நடுத்தர முட்டை என்றால் ஓட்டோடு 53 முதல் 63 கிராம், பெரியது 63 முதல் 73. ஓடு நீங்கி நடுத்தர முட்டை ஐம்பது கிராம் சுமாருக்கு நிற்கும். 'மூன்று முட்டை (ஓடு நீங்கி 150 கிராம்)' என்று எழுதிவிடுங்கள். கிடைக்கும் முட்டை சிறியதாக இருந்தால் அக்கா நாலாவதை உடைத்து அடித்து, தேவையானதை மட்டும் ஊற்றிக்கொள்வார்.

அளவை விட்டுச் சொற்களுக்கு வருவோம். இங்கே அகராதி சரியான பொருளைக் கொடுத்தே தப்பான கேக்கைச் செய்யவைக்கும். ஃபரீன் என்றால் கோதுமை மாவு, அகராதி சொல்வது பொய்யில்லை. ஆனால் தமிழில் 'கோதுமை மாவு' என்று எழுதினால் படிப்பவர் சப்பாத்தி மாவை எடுப்பார். பிரெஞ்சுப் பையில் டி 45, டி 55 என்று ஒரு எண் இருக்கும். மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு என்பதைக் குறிக்கும் எண் அது. எண் சிறியதானால் தவிடு நீக்கிய வெள்ளை மாவு, பெரியதானால் தவிடு கூடியது. டி 110, டி 150 என்று வந்தால் முழுக் கோதுமைப் பக்கம் போகலாம். கேக்குக்கு 45 அல்லது 55, அதாவது மைதா. குறிப்பில் வெறும் ஃபரீன் என்று மட்டும் இருந்தாலும் மைதாவேதான்.

சூக்ர் ஆன் பூத்ர் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பொடிச் சர்க்கரை'. உண்மையில் அது மாவாகப் பொடித்ததே இல்லை, மெல்லிய மணியாக இருக்கும் சீனி. கட்டிச் சர்க்கரையிலிருந்து பிரித்துச் சொல்ல வந்த பழைய பெயர். மாவுபோல் பொடித்ததற்கு அவர்கள் சூக்ர் க்ளாஸ் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் உள்ள சீனி பெரும்பாலும் அதைவிடப் பருமனான மணி. முட்டையோடு அடிக்கும்போது கரைய நேரமாகும், கரையாவிட்டால் கேக்கின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று ஓட்டினால் போதும். நிறுத்தபின் ஓட்டச் சொல்லுங்கள். பொடித்துவிட்டுக் கப்பில் அளந்தால் கணக்கு மாறிவிடும். இன்னொன்று, தமிழ்க் குறிப்பில் 'சீனி' என்றே எழுதுங்கள். 'சர்க்கரை' என்றால் சிலருக்கு நாட்டுச் சர்க்கரை நினைவுக்கு வரும். அது ஈரமும் நிறமும் கூடியது, அதில் செய்தால் வேறு கேக்.

பாத் என்ற சொல்லும் ஒரு வம்பு. பிசைந்த மாவுக்கும் பாத், ஊற்றும் கரைசலுக்கும் பாத். தமிழிலும் 'மாவு' என்றே இரண்டையும் சொல்கிறோம், உலர்ந்த மாவையும் அப்படித்தான் சொல்கிறோம். ஒரே பத்தியில் மூன்று மாவு வந்தால் படிப்பவர் குழம்பிவிடுவார். நான் உலர்ந்ததை மைதா என்றும், கலந்ததைக் கரைசல் என்றும் கடைசிவரை மாறாமல் எழுதுவேன்.

அடுத்தது லெவ்யூர். இதில் நானே மாட்டியிருக்கிறேன். அகராதியில் முதல் பொருள் ஈஸ்ட் என்று இருந்தது. உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் போட்டேன். உள்ளே போனது எப்படியோ அப்படியே வெளியே வந்தது, செங்கல்லுக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில், ரொட்டிக் கடை வாசனையோடு. ரொட்டிக் குறிப்பில் வரும் லெவ்யூர் பூலான்ஜேர்தான் ஈஸ்ட். கேக் குறிப்பில் லெவ்யூர் ஷிமீக், அதாவது பேக்கிங் பவுடர். பாட்டிகள் இரண்டாவது சொல்லை எழுதவே மாட்டார்கள். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கரைசலைப் பொங்கவைத்துக் காத்திருக்கச் சொல்லியிருந்தால் ஈஸ்ட். கலந்ததும் அடுப்புக்குள் வைக்கச் சொல்லியிருந்தால் பேக்கிங் பவுடர்.

அங்கே ஒரு பொட்டலம் பேக்கிங் பவுடர் 11 கிராம். அது அரை கிலோ மாவுக்கு என்று பொட்டலத்திலேயே போட்டிருக்கும். நம் 220 கிராமுக்கு முழுப் பொட்டலம் உண்மையில் அதிகம். ஆனாலும் அங்கே பலரும் அரைப் பொட்டலத்தை மீதி வைப்பதில்லை, முழுதாகக் கொட்டிவிடுவார்கள். கேக் வரும், நாக்கில் லேசான உலோகச் சுவை நிற்கும், சிலநேரம் உயர எழும்பி நடுவில் குழியும். தட்டையாக வழித்த இரண்டு தேக்கரண்டி, அதாவது 8 கிராம் சுமார், போதும் என்பது என் அனுபவம். பாட்டி எழுதியதை மாற்ற மனமில்லையா? 'மூலத்தில் 11 கிராம்' என்று அடைப்புக்குள் போட்டுவிடுங்கள். டப்பா பழசாக இருந்தால் ஒரு தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும், சோம்பலாகக் குமிழ் விட்டால் தூக்கிப்போடுங்கள்.

பேக்கிங் பவுடரே இல்லை, சமையல் சோடா மட்டும்தான் இருக்கிறது என்றால்? சோடா அதைவிட மூன்று நாலு மடங்கு வீரியமானது, ஆனால் தனியாக வேலை செய்யாது, புளிப்பு வேண்டும். இந்த கேக்கில் தயிரும் எலுமிச்சைச் சாறும் இருப்பதால் அரைத் தேக்கரண்டி சோடா தாங்கும், கேக்கும் எழும்பும். அதற்கு ஒரு விலை உண்டு. சோடா அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். எலுமிச்சையின் மணம் தோலிலிருந்து வரும், நாக்கைச் சுண்டும் அந்தப் புளிப்பு பாதிக்கு மேல் போய்விடும். நிறமும் கொஞ்சம் கருக்கும். அளவு கூடினால் சோப்பு வாசனை. கலந்த நிமிடமே குமிழ் கிளம்பிவிடும் என்பதால் அடுப்பு முன்பே சூடாகித் தயாராக இருக்கவேண்டும். எலுமிச்சை கேக்குக்கு எலுமிச்சைதான் உயிர் என்பதால் நான் இதைக் கடைசி வழியாகத்தான் எழுதுவேன்.

எலுமிச்சை என்றதும் சித்ரோனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சித்ரோன் அந்த மஞ்சள், தடித்த தோல், உள்ளங்கையை நிறைக்கும் பழம். நாம் சாதாரணமாக எலுமிச்சை என்று கையில் எடுக்கும் சின்ன உருண்டைப் பழம் அவர்கள் 'சித்ரோன் வேர்', அதாவது பச்சை சித்ரோன், என்பதற்கு உறவு. ஒரு சித்ரோனில் 40, 45 மி.லி. சாறு வரும், சின்ன எலுமிச்சையில் 15 முதல் 20 தான். ஆகவே 'ஒரு எலுமிச்சைச் சாறு' என்று எழுதாமல் '3 மேசைக்கரண்டி சாறு (சின்னப் பழம் இரண்டு அல்லது மூன்று)' என்று எழுதுங்கள். தோலையும் அதே பழங்களில் துருவிக்கொள்ளலாம். பச்சையோ மஞ்சளோ, நிறம் உள்ள மேல்தோல் மட்டும். கீழே இருக்கும் வெள்ளை கசக்கும், சின்னப் பழத்தில் அது மெல்லிதாக இருப்பதால் துருவி சட்டென்று ஆழம் போய்விடும். குறிப்பில் 'நோன் த்ரேத்தே' என்று இருக்கும், மெழுகோ மருந்தோ பூசாத பழம் என்று அர்த்தம். அப்படிக் கிடைக்காவிட்டால் வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத் துருவ வேண்டும் என்பதைச் செய்முறையில் ஒரு வரியாகச் சேருங்கள். வெறும் 'பூசாத எலுமிச்சை' என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது.

தயிருக்குத் தயிர்தானே என்று விட்டுவிட முடியாது. பிரான்சில் யாவூர்த் என்ற பெயர் போட வேண்டுமானால் இரண்டு குறிப்பிட்ட நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த டப்பாவில் வருவது கட்டியாக, மிதமான புளிப்போடு இருக்கும். வீட்டில் உறைகுத்திய தயிரின் குணம் ஒவ்வொரு வீட்டிலும் வேறு. அன்று உறைந்த, முழுப்பால் தயிராக இருந்தால் அப்படியே போடலாம். நீர் விட்டிருந்தால் 175 கிராம் எடுத்துத் துணியில் கால் மணி நேரம் வடியவிட்டு, அதிலிருந்து 125 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். நீர்த் தயிரில் செய்த கேக்கை வெட்டினால் அடியில் களி போல் ஒரு வரி தெரியும். அந்த வரியைப் பார்த்தால் மாவைச் சந்தேகிக்க வேண்டாம், தயிரைச் சந்தேகியுங்கள். தயிர் புளித்திருந்தால் சாறில் ஒரு கரண்டி குறைத்தால் சரியாகிவிடும்.

வெனில்லா சர்க்கரைப் பொட்டலத்தில் இருப்பது 7,5 கிராம். பிரெஞ்சில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள், ஆக ஏழரை கிராம். இதைக் கவனிக்காமல் எழுபத்தைந்து என்று படித்த ஒருவரை எனக்குத் தெரியும், வீடு முழுக்க இரண்டு நாள் வெனில்லா மணம். இந்தப் பொருள் கிடைக்காததற்குக் கவலையே வேண்டாம். அது மணம் ஊட்டிய சீனி, அவ்வளவுதான். இரண்டு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி வெனில்லா எசன்ஸும் போட்டால் முடிந்தது. எலுமிச்சை கேக்கில் விட்டுவிட்டால்கூட யாருக்கும் தெரியாது.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு கரண்டி ரம் இருக்கும் என்று நினைக்கிறேன், பாட்டிமார் குறிப்பில் பெரும்பாலும் இருக்கும். ரம் அங்கே மணத்துக்கு மட்டும். வேண்டாமென்றால் அதே அளவு பாலோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றுங்கள், ஈரக் கணக்கு மாறாது. இந்த இடத்தில் கரண்டிகளையும் பார்த்துவிடலாம். குயியேர் ஆ சூப் என்பது 15 மி.லி., நம் மேசைக்கரண்டி. குயியேர் ஆ கஃபே என்பது 5 மி.லி., தேக்கரண்டி. 'சூப் கரண்டி', 'காபிக் கரண்டி' என்று பெயர்த்தால் ஒருவர் குழம்புக் கரண்டியையும் மற்றவர் எதையோ எடுத்துவிடுவார். வேறு குறிப்புகளில் சென்டிலிட்டர் வரும், பத்தால் பெருக்கினால் மி.லி. 'லிவ்ர்' என்று பழைய கையெழுத்தில் வந்தால் அரை கிலோ.

'ஒரு அக்ரூட் வெண்ணெய்' எனக்கு மிகவும் பிடித்த இடம். நுவா என்றால் அக்ரூட், அந்த அளவு உருண்டை என்று அர்த்தம், 10 முதல் 15 கிராம். அதைவிடச் சின்னது வேண்டுமென்றால் நுவாஸெத், நாலைந்து கிராம். படிப்பவர் அக்ரூட்டை அரைத்துச் சேர்க்க வேண்டுமோ என்று தேடாமல் இருக்க, நம் மொழியில் அளவுக்கு வழங்கும் காய்களை எடுத்துக்கொள்ளலாம். நுவாவுக்கு நெல்லிக்காய் அளவு, நுவாஸெத்துக்குச் சுண்டைக்காய் அளவு. கிராமைவிட இது நன்றாகப் பேசும், தட்டில் தடவும் வெண்ணெய்க்கு இதற்கு மேல் துல்லியமும் வேண்டாம். ஆனால் பிரெஞ்சில் வெண்ணெய் முன்னால் வந்து 'பெர் நுவாஸெத்' என்று சொற்கள் இடம் மாறியிருந்தால் அது அளவே இல்லை, பொன்னிறமாக மணம் வரும்வரை உருக்கிய வெண்ணெய்.

தெர்மோஸ்டாட் எண்ணை முப்பதால் பெருக்கினால் செல்சியஸ் வரும். ஆறு என்றால் 180, ஏழு என்றால் 210. கணக்கு முடிந்தது, ஆனால் சூடு முடியவில்லை. பாட்டியின் 180 மேலும் கீழும் கம்பி சூடாகும் பெரிய அவனில். அக்காவுடையதில் விசிறி ஓடினால் 160 போதும். சின்ன அவன் என்றால் மேல்கம்பி கேக்குக்கு வெகு பக்கத்தில் இருக்கும். இருபது நிமிடத்தில் மேலே கருத்து உள்ளே கூழாக இருந்தால் அதுதான் காரணம். கீழ்த்தட்டில் வைத்து, மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிவிடலாம்.

பாத்திரத்தின் அளவையும் விட்டுவிடாதீர்கள். 22 செ.மீ. வட்டத் தட்டு என்று இருந்தால், அக்காவிடம் 18 செ.மீ. தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு செ.மீ. தானே என்று தோன்றும். பரப்பாகப் பார்த்தால் 22-க்கு 380 சதுர செ.மீ., 18-க்கு 254. அதே கரைசல் ஒன்றரை மடங்கு ஆழமாக நிற்கும். ஓரம் வெந்து நடு வேகாமல் போகும். அதற்கு 170 டிகிரிக்குக் குறைத்து 45, 50 நிமிடம் வைக்க வேண்டும். தட்டின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது, மீந்ததைச் சின்னக் கிண்ணங்களில் வேகவைத்துவிடலாம். நேரத்தை மட்டும் நம்பாமல் அடையாளங்களை எழுதுங்கள். நடுவில் சின்னதாக வெடிக்கும், ஓரம் தட்டை விட்டு விலகும், கத்தி நுனி ஈரமில்லாமல் வரும். பிரெஞ்சுக் குறிப்பில் கத்தி என்றுதான் இருக்கும், பல் குச்சியும் அதே வேலையைச் செய்யும்.

கிரேம் ஃப்ரேஷ் கேக்குக்குள் போகவில்லை, பரிமாறும்போது பக்கத்தில் ஒரு கரண்டி. அதனால் தப்பித்தீர்கள். அது முப்பது சதவீதத்துக்குக் குறையாத கொழுப்பு கொண்ட, லேசாகப் புளிக்கவைத்த பாலேடு. நன்றாக வடித்த கெட்டித் தயிர் இரண்டு பங்கும் குளிர்ந்த பாக்கெட் கிரீம் ஒரு பங்கும் சேர்த்துக் கலக்கினால் குளிரப் பரிமாறுவதற்கு அது போதும். இதையே நம்பி வேறொரு குறிப்பில் சூடான சாஸில் ஊற்றிவிடாதீர்கள். கொழுப்பு குறைந்த தயிர் கொதியில் திரிந்து பிரிந்துவிடும், நிஜ கிரேம் ஃப்ரேஷ் திரியாமல் நிற்பதற்குக் காரணமே அந்தக் கொழுப்புதான். கிடைக்காத பொருள் எதற்கும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இது இங்கே என்ன வேலை செய்கிறது? மணம் மட்டும் என்றால் எதைப் போட்டாலும் நடக்கும். எழுப்பவோ, பிடித்துவைக்கவோ, கொழுப்பாகவோ இருந்தால் அந்த வேலையைச் செய்யும் பொருள்தான் வேண்டும்.

செய்முறையின் வரிசையையும் கொஞ்சம் மாற்றத் தயங்காதீர்கள். பிரெஞ்சில் 'அவனைச் சூடாக்கவும்' என்பது சிலநேரம் நடுவில் வரும், தட்டில் வெண்ணெய் தடவுவது கடைசியில் வரும். சமையலறையில் நின்று படிப்பவருக்கு அவை முதலில் வேண்டும். மைதா சேர்த்தபின் ஏன் அதிகம் அடிக்கக்கூடாது என்று மூலத்தில் இருக்காது, தமிழில் ஒரு வரி சேருங்கள். அடிக்க அடிக்க மாவில் பசை கூடி, வெட்டினால் குழாய் குழாயாக ஓட்டை தெரியும், கேக்கும் ரப்பராகும்.

இதையெல்லாம் சேர்த்து நான் எழுதினால் அக்காவுக்கான தாள் இப்படி இருக்கும்.

எலுமிச்சை தயிர் கேக் (18 செ.மீ. வட்டத் தட்டுக்கு)

கெட்டித் தயிர், புளிக்காதது: 125 கிராம்
சீனி: 210 கிராம், நிறுத்தபின் மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று
மைதா: 220 கிராம்
பேக்கிங் பவுடர்: வழித்த 2 தேக்கரண்டி (மூலத்தில் 11 கிராம்)
முட்டை: 3 (ஓடு நீங்கி 150 கிராம்)
மணமில்லாத எண்ணெய், சூரியகாந்தி போன்றது: 60 மி.லி.
எலுமிச்சைச் சாறு: 3 மேசைக்கரண்டி, அந்தப் பழங்களின் தோல் துருவல்
வெனில்லா எசன்ஸ்: அரைத் தேக்கரண்டி (மூலத்தில் வெனில்லா சர்க்கரை ஒரு பொட்டலம், அதன் சீனியை நான் சேர்க்கவில்லை, இனிப்பு வேண்டுமானால் 2 தேக்கரண்டி கூட்டலாம்)
பால்: 1 மேசைக்கரண்டி (மூலத்தில் ரம்)
உப்பு: ஒரு சிட்டிகை
தட்டுக்கு வெண்ணெய்: நெல்லிக்காய் அளவு, மேலே தூவக் கொஞ்சம் மைதா

அவனை 170 டிகிரிக்குக் கால் மணி நேரம் முன்பே சூடாக்கவும். தட்டில் வெண்ணெய் தடவி, மைதா தூவி, மிகுந்ததைத் தட்டிவிடவும். எலுமிச்சையை வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்து, நிறத்தோலை மட்டும் துருவவும், பிறகு சாறு பிழியவும். முட்டையும் சீனியும் சேர்த்து வெளிறும்வரை அடிக்கவும். தயிர், எண்ணெய், பால், எசன்ஸ், தோல் துருவல் சேர்த்துக் கலக்கவும். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் ஒன்றாகச் சலித்துச் சேர்த்து, உலர்ந்த மாவு மறையும்வரை மட்டும் கலக்கவும். கடைசியாகச் சாற்றை ஊற்றி நாலைந்து சுற்று கலந்து, உடனே தட்டில் ஊற்றி உள்ளே வைக்கவும். 45 நிமிடத்தில் கத்தி நுனியால் பார்க்கவும், ஈரம் ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்க்கவும். முழுதாக ஆறியபின் வெட்டவும், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

பிரெஞ்சுத் தாளின் நகலை இதற்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். முதல் தடவை செய்து அக்கா போன் செய்யும்போது, 'இனிப்பு கூடுதல்' என்றோ 'மேலே வெடிக்கவில்லை' என்றோ சொன்னால், நான் மாற்றிய எந்த வரியில் கைவைக்க வேண்டும் என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.